விரல் மரத்தால் முதலில் சீட்டைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் காலையில் சைக்கிள் எடுக்கிறவர் யாராவது 20 கிலோமீட்டரை 60, 80 என்று நீட்ட ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் ஒரு கேள்வியோடு வருவார்: கை மரத்துப்போகுது, எந்த கிளவுஸ் வாங்கலாம்? இன்னும் கொஞ்ச நாள் கழித்து அடுத்தது: கால் விரல் மரக்குது, எந்த ஷூ வாங்கலாம்? இரண்டுக்கும் என் பதில், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதுதான். கை மரப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சீட். கால் மரப்பதற்குக் காரணம் ஷூவின் அகலமும் பாதம் பெடலில் உட்காரும் இடமும். இவற்றைச் சரிசெய்த பிறகு மிஞ்சுகிற கொஞ்சத்துக்குத்தான் கடைக்குப் போகவேண்டும்.

தேவைப்படுவது ஒரு ஆலன் கீ செட், ஒரு அளவு நாடா, கொஞ்சம் இன்சுலேஷன் டேப், ஒரு நோட்டு, ஒரு ரசமட்டம். ரசமட்டம் இல்லையென்றால் தெருவில் வேலை நடக்கிற வீட்டுக் கொத்தனாரிடம் அரை மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார். போனிலும் சாய்வு பார்க்கும் வசதி உண்டு, அதுவும் போதும்.

எந்த விரல்?

"கை மரக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. எந்த விரல் என்று தெரியவேண்டும். சுண்டு விரலும், மோதிர விரலில் சுண்டு விரலை ஒட்டிய பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம் மேடாக இருக்கிறதே, அதற்குள் ஒரு குறுகலான வழியாக இந்த நரம்பு விரல்களுக்குப் போகிறது. ஹேண்டில்பாரில் கையை ஊன்றும்போது உடம்பின் பாரம் இறங்குவது சரியாக அந்த மேட்டில்தான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. அது மணிக்கட்டின் நடுவில் ஓடுவது. கையைப் பின்பக்கமாக மடக்கி, அதாவது யாரையோ "நில்லு" என்று தடுப்பதுபோல வைத்துக்கொண்டு ஓட்டினால் அந்த இடம் நசுங்கும். முதல் வகைக்குக் காரணம் பாரம், இரண்டாவதற்குக் காரணம் மணிக்கட்டு மடங்குவது. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, ஆனால் ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு வரும். அந்த முதல் விரலைக் கவனித்து வையுங்கள்.

இது புதியவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்கவேண்டாம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 600 கிலோமீட்டர் பயணம் போன 25 பேரின் கைகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 23 பேருக்கு மரத்துப்போவதோ வலு குறைவதோ இரண்டுமோ இருந்தது. நீண்ட தூரம் போனால் ஓரளவு வரத்தான் செய்யும், அதனால் நாம் பார்க்கவேண்டியது அது எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, இறங்கியபிறகு எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதைத்தான்.

ஒரே பாதை, ஒரே நோட்டு

சோதனை ஓட்டத்துக்கு ஒரு பாதையை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போய்த் திரும்புவது வசதி. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வரும், பெரிய ஏற்றம் கிடையாது, வழியில் ஊர்கள் இருப்பதால் எங்கே மரத்தது என்று அடையாளம் சொல்வதும் எளிது. ஒவ்வொரு முறையும் அதே பாதை, ஏறக்குறைய அதே வேகம், விடிகாலையில் அதே நேரம். திரும்பி வந்ததும் நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த விரல், எந்த இடத்தில் ஆரம்பித்தது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். சீட்டையும் மாற்றி, கிளவுஸையும் மாற்றி, டயரில் காற்றையும் குறைத்துவிட்டுப் போனால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் இன்னும் மோசம், எதைத் திரும்பப் பழையபடி வைப்பது என்றே தெரியாது. மாற்றுவதற்கு முன் பழைய இடத்தை டேப் ஒட்டி அடையாளம் செய்துவிடுங்கள்.

அண்ணனின் சைக்கிள்

முழுதாக ஒன்றைப் பார்த்தால் புரியும். காரைக்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், 50ஐத் தாண்டியவர், நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் சைக்கிள் ஓட்டுகிறார், 32 மில்லிமீட்டர் டயர். 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டிய பயணம் அது, வேகமாகப் போவதைவிட அவ்வளவு நேரம் சைக்கிள்மேல் இருப்பதுதான் கஷ்டம். "தம்பி, ரெண்டாவது கிளவுஸும் மாத்தியாச்சு, இது கெட்டி ஜெல்லு, இன்னும் சுண்டு விரல் செத்துப்போகுது" என்றார். இடது கையில் முதலில் வருமாம், திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள்ளேயே.

"அண்ணே, கிளவுஸ் கிடக்கட்டும், சைக்கிளைக் கொண்டுவாங்க" என்று சொல்லி, முதலில் சீட்டின் சாய்வைப் பார்த்தோம்.

இங்கே எங்கள் ஊர் வீடுகளில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி அளக்காதீர்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அங்கே வாட்டம் வைத்துத்தான் கல் போட்டிருப்பார்கள். உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு வாருங்கள், அங்கேயும் முதலில் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைச் சீட்டின்மேல் நீளவாக்கில், மூக்கிலிருந்து பின்பகுதிவரை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். சீட் வளைவாக இருப்பதால் நேரடியாக வைத்தால் அளவு தப்பும்.

அண்ணனின் சீட் மூக்கு 4 டிகிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மூக்கு கீழே இருந்தால் உடம்பு ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கும், அதைத் தடுக்கக் கைகள் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், முழங்கை விறைத்து நேராகிவிடும். இரண்டு மணி நேரம் இப்படித் தள்ளினால் எந்த ஜெல்லும் தாங்காது. இதைச் சைக்கிளில் இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம்: அடிக்கடி பின்னால் நகர்ந்து உட்காரவேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் சீட் முன்னால் சரிகிறது. வண்டி இல்லாத நேரான சாலையில், பிடியை விடாமல், விரல்களை மட்டும் தளர்த்திப் பாருங்கள். உடனே உடம்பு முன்னால் விழப் பார்த்தால் பாரம் கையில்தான் இருக்கிறது.

சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மூக்கை மட்டத்திலிருந்து 1 டிகிரி கீழே என்ற அளவுக்கு உயர்த்தினோம். பெரும்பாலானவர்களுக்கு மட்டமோ, அதிலிருந்து ஒன்றிரண்டு டிகிரி கீழேயோ சரியாக இருக்கும். அடுத்த ஓட்டத்தில் திருப்பத்தூர் வரை ஒன்றுமில்லை, திரும்பும்போது குன்றக்குடிக்குப் பக்கத்தில்தான் சுண்டு விரல் மரக்க ஆரம்பித்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் அண்ணன் வேறொன்று சொன்னார், கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: கவட்டில் மரத்துப்போகிறது, அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே மூக்கைக் கீழே இறக்கினேன் என்று.

சீட் உயரம், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது

மூக்கை இறக்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் இறக்குகிறார்கள், அப்புறம் கை மரக்கிறது என்று கிளவுஸ் வாங்குகிறார்கள். உண்மையில் சீட் அதிக உயரத்தில் இருக்கும். உயரம் கூடினால் பெடலின் அடிப்புள்ளியை எட்ட இடுப்பு இடமும் வலமுமாக ஆடும், சீட்டின் மூக்கு உள்ளே அழுத்தும். கால் விரல்களும் கீழே எட்டிப் பார்க்கும், அதனால் பாரம் முழுக்க முன்பாதத்தில் இறங்கும். ஆக ஒரே தவறான உயரம் கவட்டையும் கையையும் காலையும் சேர்த்துக் கெடுக்கிறது. கவட்டில் மரப்பதை மட்டும் பழகிவிடும் என்று யாரும் விட்டுவிடக்கூடாது. எழுந்து நின்று மிதித்து உடனே இரத்த ஓட்டத்தை விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சீட்டைச் சரிசெய்யுங்கள்.

உயரம் பார்ப்பதற்குப் பழைய வழி போதும். சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்காருங்கள், ஓட்டும்போது போடுகிற அதே ஷூவோடு. பெடலைக் கீழ்ப்புள்ளிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக, ஆனால் எட்டி நீட்டாமல், இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பெடலைத் தொடவேண்டும். அப்புறம் முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அதுதான் ஆரம்ப உயரம். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு ஆடினால் சீட் இன்னும் அதிக உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணனுக்கு 8 மில்லிமீட்டர் இறக்கவேண்டியிருந்தது. ஒரேயடியாக இறக்காமல் இரண்டு ஓட்டங்களில் நான்கு நான்காக இறக்கினோம், ஏனென்றால் முழங்கால் பழகிய கோணத்திலிருந்து திடீரென்று மாறினால் அதுவும் முறைக்கும். முட்டிச் சிப்பியின் முன்பக்கம் வலித்தால் அதிகமாக இறக்கிவிட்டோம் என்று அர்த்தம். முட்டிக்குப் பின்பக்கம் இழுத்தால் இன்னும் உயரமாக இருக்கிறது. கவட்டுப் பிரச்சினை போய்விட்டது, மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. சீட் கம்பியை ஏற்றுகிறவர்கள் மட்டும் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சீட்டை முன்பின் நகர்த்துவது. சீட் பின்னால் போகப்போக உடம்பின் பாரம் கால்களுக்கு மேல் சமநிலைக்கு வரும், கைக்கு வேலை குறையும். கேட்டால் நம்பமாட்டார்கள், ஹேண்டில்பார் தூரமாகிறதே, பாரம் கூடத்தானே செய்யும் என்பார்கள். குனிந்து நிற்கும்போது பின்பக்கம் பின்னால் போவதால்தானே விழாமல் நிற்கிறோம், சைக்கிளிலும் அதே கணக்கு. 5 மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், ஒரே மாற்றத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டவேண்டாம். பின்னால் தள்ளினால் பெடலுக்கான தூரமும் கொஞ்சம் கூடும், ஆகையால் உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அளவு நாடாவில் அகப்படாதது. அழுத்தி மிதிக்கும்போது கால்களே மேல் உடம்பைத் தாங்குகின்றன. களைத்துப்போய் மெதுவாக உருட்டும்போது அந்தத் தாங்குதல் குறைந்து பாரம் கைக்கு இறங்கும். கடைசி 30 கிலோமீட்டரில் மட்டும் கை மரத்தால், சைக்கிளைத் தொடுவதற்கு முன் சாப்பாடும் தண்ணீரும் சரியாக எடுத்தீர்களா, ஆரம்பத்தில் வேகம் அதிகமாகப் போனீர்களா என்று பாருங்கள்.

மணிக்கட்டும் பிடியும்

முன்கையிலிருந்து மணிக்கட்டு வழியாகக் கைவிரல் முட்டிவரை ஒரே நேர்க்கோடாக வரவேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும். நேர் ஹேண்டில்பாரில் பிரேக் லீவர் தரைக்கு இணையாக இருந்தால், விரலை அதன்மேல் வைப்பதற்காக மணிக்கட்டைத் தூக்கவேண்டியிருக்கும். லீவரைக் கீழ்நோக்கித் திருப்பி முன்கையின் சாய்வோடு சேர்த்துவிடுங்கள். கட்டை விரல், நடுவிரல் மரப்பவர்களுக்குப் பலமுறை இந்த ஒரு திருப்பே போதும். வளைந்த ஹேண்டில்பார் வைத்தவர்களுக்கும் இதே விதிதான், மேலே இருக்கும் ரப்பர் பிடியின் கோணத்தைப் பாருங்கள்.

கையை அகலமாக வைக்கும் கிரிப்புகள் வருகின்றன, இறக்கைபோலப் பின்னால் விரிந்திருக்கும், உள்ளங்கை முழுக்க அதில் படியும். நல்ல பொருள்தான், ஆனால் இறக்கை மேலே பார்த்தபடி மாட்டினால் அது மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கிவிடும், இருந்ததைவிட மோசமாகும். ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு, கை தானாக விழுகிற சாய்வில் திருப்பி இறுக்குங்கள்.

நேர் ஹேண்டில்பாரின் பெரிய குறை, கை வைக்க ஒரே இடம் என்பது. இரண்டு பக்கமும் சிறிய கொம்பு மாட்டினால் இரண்டாவது இடம் கிடைக்கும், அதிகச் செலவும் ஆகாது. இருக்கிற இடங்களில் கையை மாற்றிக்கொண்டே இருங்கள், மரத்தபிறகு மாற்றுவது தாமதம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும். ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள், அப்புறம் அடுத்த கை.

முழங்கை மடங்கவே இல்லையென்றால், தோள் காதுவரை ஏறியிருந்தால், ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைத் திருப்பி மாட்டினாலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரும், சிறிய ஸ்டெம் போட்டால் அருகில் வரும். இதைமட்டும் புதியவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. சரியாக இறுக்காவிட்டால் ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் போகும்.

டயரும் ஒரு கிளவுஸ்தான்

அதிர்வும் நரம்பைத் தொந்தரவு செய்யும். நம் ஊர்ச் சைக்கிள் கடையில் காற்றடிக்கச் சொன்னால் கட்டைவிரலால் அமுக்கி, கல்லுமாதிரி இருந்தால்தான் திருப்தி அடைவார்கள். அண்ணன் 32 மில்லிமீட்டர் டயரில் 85 பி.எஸ்.ஐ. வைத்திருந்தார். 70 கிலோ எடையுள்ளவருக்கு இந்த அகலத்தில் முன்னால் 50, பின்னால் 60 அளவில் ஆரம்பிக்கலாம், எடை கூடினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். திருப்பத்தூர்ச் சாலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆத்தங்குடி, பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஜல்லி பெயர்ந்த ஓரங்களுக்கு வந்தால் கை உடனே சொல்லும். ரொம்பவும் இறக்கினால் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்புக் கடிபோல இரட்டை ஓட்டை விழும், அதைக் கண்டால் 5 கூட்டுங்கள்.

இப்போது கிளவுஸ்

இவ்வளவும் செய்தபிறகும் மரத்தால் கிளவுஸ் பார்க்கலாம். திணிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள், எவ்வளவு கெட்டி என்பது அடுத்த விஷயம். சுண்டு விரல் பக்கத்து மேட்டின்மேல் ஒரு திட்டு, கட்டை விரல் மேட்டின்மேல் ஒரு திட்டு, நடுவில் பள்ளம். இப்படி இருந்தால் பாரம் மேடுகளில் பிரிந்து, நடுவில் மீடியன் நரம்பு ஓடும் இடத்துக்கு மூச்சு கிடைக்கும். கெட்டி ஜெல் கிளவுஸ் போட்டால் ஹேண்டில்பார் தடித்ததுபோல் ஆகும், விரல் சுற்றிவராது, அதனால் கூடுதலாக இறுக்கிப் பிடிப்பீர்கள். அண்ணனின் இரண்டாவது கிளவுஸில் நடந்தது அதுதான், மெல்லிய பழைய கிளவுஸுக்கே திரும்பிவிட்டார்.

கடையில் கையை விரித்துப் போட்டுப்பார்ப்பதில் பிரயோசனமில்லை. ஏதாவது ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் துணி மடிந்து சுருண்டால் அந்த மடிப்பே மூன்று மணி நேரம் கழித்து நரம்பில் கோடு போடும். விரல் இடுக்குகளில் இறுகினால் ஒரு சைஸ் பெரிது எடுங்கள். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், கழன்று வராமல் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் கை வீங்கும், வியர்வையில் கிளவுஸ் ஊறும், காலையில் சரியாக இருந்தது பத்து மணிக்கு இறுகும். ஊறிய கிளவுஸைக் கழற்றி ஹேண்டிலில் காயப்போட்டு மாற்று ஜோடி ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

கால் விரல்கள்

கை சரியானபிறகு அண்ணன் திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போய்த் திரும்பினார், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதில்தான் கால் பிரச்சினை தெரிந்தது: திரும்பும் வழியில் வெயில் ஏறியபிறகு வலது காலில் மூன்றாவது, நான்காவது விரல் மரத்து, அப்புறம் முன்பாதத்தில் தீக்கங்கு வைத்ததுபோல எரிந்தது. ஷூவைக் கழற்றி ஐந்து நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்ததும் போய்விட்டது, மாட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி வந்துவிட்டது.

பாதத்து எலும்புகளின் முனைகள் விரல்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு இடையில் நரம்புகள் ஓடுகின்றன. பக்கவாட்டில் ஷூ நெருக்கும், கீழிருந்து பெடல் அழுத்தும், இரண்டுக்கும் நடுவில் நரம்பு மாட்டும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில்தான் இது அதிகம் வருவது. எல்லா விரலும் சேர்ந்து மரத்தால் ஷூ மொத்தமாக இறுக்கம். பாதத்தின் மேல்பக்கமும் கட்டை விரலும் என்றால் பட்டையையோ லேஸையோ இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். ஒரே காலில் மட்டும் என்றால் அந்தப் பாதம் பெரிதாக இருக்கலாம், பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு கிடையாது. அண்ணனுக்கு வலது பாதம் பெரிது.

முதல் வேலை, செலவில்லாதது: முன்பாதத்துப் பட்டையைத் தளர்த்துங்கள். பாதம் நழுவாமல் பிடிக்கவேண்டியது மேல் பட்டை, விரல் பக்கத்துப் பட்டை சும்மா மூடியிருந்தால் போதும். லேஸ் ஷூ என்றால் விரல் பக்கத்து முதல் துளையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கோத்துக் கட்டுங்கள். தடித்த காலுறை மெத்தென்று இருக்கும் என்று போடுகிறார்கள், அது ஷூவுக்குள் இருக்கிற இடத்தைத்தான் தின்னும், மெல்லியதைப் போடுங்கள்.

இரண்டாவது, அகலச் சோதனை. ஷூவின் உள்தட்டை உருவித் தரையில் வைத்து அதன்மேல் முழுப் பாரத்தோடு நில்லுங்கள். பாதம் தட்டின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல், எவ்வளவு தளர்த்தினாலும் தீராது. இதைக் காலையில் செய்யாதீர்கள், நீண்ட ஓட்டம் முடிந்து வந்ததும் வீங்கிய காலோடு செய்யுங்கள். ஷூ வாங்கப் போவதும் சாயங்காலம்தான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், கிளம்பும்போது போட்ட செருப்பு வழியில் காலுக்குச் சேராமல் போகும். நீளத்தில் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி அகலத்தைச் சமாளிக்கலாம் என்பது பாதித் தீர்வு, பாதம் முன்பின் நழுவும். அகலப் பதிப்பு இருக்கிற மாடலைத் தேடுங்கள். சாதாரண பெடலில் ஓட்டுகிறவர்கள் பட்டை வைத்த சாண்டலில்கூட ஓட்டலாம், நீண்ட தூரக்காரர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், வீங்க இடமிருக்கும். ஆனால் அடி மிருதுவான ஓட்டப்பந்தய ஷூவும் சின்ன பெடலும் சேர்ந்தால் பெடலின் விளிம்பு பாதத்துக்குள் குத்தும். அடி விறைப்பான ஷூவோ, அகலமான பெடலோ, ஏதாவது ஒன்று வேண்டும்.

மூன்றாவது, ஷூவின் அடியில் திருகிப் பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் போட்டவர்களுக்கு. ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டை விரலின் பின்முட்டி எங்கே இருக்கிறது, சுண்டு விரலின் பின்முட்டி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தடவிப் பார்த்து ஷூவின் பக்கவாட்டில் பேனாவால் புள்ளி வையுங்கள். பெடலின் அச்சு இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் வரவேண்டும். புதியவர்களின் கிளீட் பெரும்பாலும் இதற்கு முன்னால், விரல் பக்கமாக இருக்கும். அண்ணனின் கிளீட்டை 6 மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளினோம், இரண்டு காலிலும் சமமாக. இப்படித் தள்ளினால் பெடல் பாதத்துக்குப் பின்னால் போகிறது, கால் எட்டும் தூரம் குறைகிறது, அதனால் சீட்டை 2 மில்லிமீட்டர் இறக்கவேண்டும். நகர்த்துவதற்கு முன் பழைய கிளீட்டைச் சுற்றிக் கோடு வரைந்துகொள்ளுங்கள், கோணம் மாறினால் முட்டி வலிக்கும். கழற்றியபோதே ஷூவுக்குள் கையைவிட்டு, கிளீட் போல்ட்டின் தகடு உள்தட்டு வழியாகத் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று-நான்கு விரல் இடுக்கு எரிந்தால், கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சிறு மேடு கிடைக்கிறது, உள்தட்டின் அடியில் ஒட்டுவது. அது முன்பாதத்து எலும்பு முனைகளுக்கு நேர் கீழே வரக்கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும். அப்போதுதான் முனைகள் கொஞ்சம் விரிந்து நரம்புக்கு இடம்விடும். நேர் கீழே ஒட்டினால் அழுத்தம் கூடும், இதை ஒட்டியவர்களில் பலர் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி வீட்டுக்குள் நடந்து பாருங்கள், கல் மிதித்ததுபோல் உறுத்தினால் பின்னால் தள்ளுங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒன்று உண்டு. கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பவர்களுக்குக் கால் விரைவில் மரக்கும். ஒரு கியர் லேசாக்கி, நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் மிதித்தால் ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் குறையும். மேலே இழுக்கும்போது விரல்களைக் கொஞ்சம் தளர்த்தி நெளியுங்கள், மணிக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் நடங்கள். அண்ணனுக்குக் கிளீட் நகர்த்தியதிலும் பட்டை தளர்த்தியதிலும் எரிச்சல் 80 கிலோமீட்டரில் வரவில்லை, 130ஐத் தாண்டியபோது மட்டும் லேசாக வந்தது. அதற்குப் பிறகுதான் அகலமான புது ஷூ வாங்கினார், அதுவும் நீண்ட ஓட்டம் முடித்த சாயங்காலம் போய்.

டாக்டரிடம் போகவேண்டிய நேரம்

இறங்கிய சில நிமிடங்களில், போனால் போகட்டும் அன்று ராத்திரிக்குள், மரப்பு தெளிந்தால் மேலே சொன்னவற்றைச் செய்துகொண்டே ஓட்டலாம். 200, 300 கிலோமீட்டர் போய்வந்தபிறகு சுண்டு விரல் நுனியில் சில நாள் லேசாக மரப்பு இருப்பதும் உண்டு, அது முழுதாகத் தெளியும்வரை அடுத்த நீண்ட ஓட்டம் வேண்டாம், பாதி நசுங்கிய நரம்பை மறுபடி நசுக்குவதுதான் பல மாதத் தொல்லைக்கு வழி.

மரப்பைவிடக் கவனிக்கவேண்டியது வலு. அல்நார் நரம்பின் ஒரு கிளை தசைக்கு மட்டும் போகிறது, அது நசுங்கினால் மரப்பே தெரியாமல் கை பலவீனமாகலாம். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாவியைத் திருப்பமுடியவில்லை, கியர் லீவரைத் தள்ள விரல் எழவில்லை என்றால் கவனியுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். தாளைப் பிடிக்கக் கட்டை விரலின் நுனிமூட்டு தானாக மடங்கினால், அல்லது தாள் சுலபமாக உருவி வந்தால், சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் சோதனையை எழுதிக்கொடுப்பார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை ஒரு கையில் மட்டும் வற்றித் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

சைக்கிள் எடுக்காத நாளிலும், குறிப்பாக ராத்திரியில், இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தாலோ எரிந்தாலோ அது ஷூவின் தவறாக இருக்காது. சர்க்கரையும் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காலுறையைக் கழற்றி விரல் இடுக்குகளைக் கண்ணால் பாருங்கள், மரத்த காலில் கொப்புளம் வந்தால் வலி சொல்லாது. மரப்பு இடுப்பிலிருந்தோ பின்தொடையிலிருந்தோ இறங்கி வந்தால் அது முதுகெலும்பிலிருந்து வருவதாக இருக்கலாம், அதற்குச் சீட்டை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் கேட்காது.